கிளட்ச் பெடல் இல்லாத சின்ன காடி: எண்ணெய் அழுத்துறதா, மோட்டார் அழுத்துறதா?

மாமா செகண்ட் ஹேண்ட்ல அத்தைக்கு ஒரு சின்ன காடி தேடிட்டு இருந்தாரு, அத்தைக்கு இடது முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால ஆட்டோதான் வேணும்னாங்க. எங்க வீடு சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக்குள்ள, டவுனுக்கு போகணும்னா செம்பனை மில்லு ஏத்தத்த தாண்டித்தான் போகணும், அங்க குலை ஏத்துன லாரி வரிசை நின்னா நாமளும் ஏத்தத்துலயே நிக்கணும். நம்ம ஆளுங்க ரெண்டு பெடல் இருந்தாலே எல்லாத்தையும் ஆட்டோன்னு சொல்லிடுறாங்க, ஆனா இந்த ஏத்தத்துலதான் வித்தியாசம் தெரியும், அதனால கொஞ்சம் விளக்கமா எழுதுறேன்.

ரெண்டு பெடல் காடிங்கள்ல ஏஎம்டின்னு ஒரு வகை இருக்கு, அதுக்கு உள்ள இருக்கறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே கிளட்ச் பிளேட், அதே ஸ்பிரிங், அதே ஃபோர்க். 2005-ல வந்த புரோட்டோன் சாவி காடில ரெனால்ட்டோட 1.2 லிட்டர் எஞ்சின் இருந்துச்சு, அதுல மேனுவலும் கிடைச்சது ஏஎம்டியும் கிடைச்சது. உங்க காலுக்கு பதிலா ஒரு ஆக்சுவேட்டர் கிளட்ச்ச பிரிக்கும், கைக்கு பதிலா இன்னொன்னு கியர பக்கவாட்டுல தேடும், முன்ன பின்ன தள்ளிப் போடும். கம்ப்யூட்டர் முதல்ல எஞ்சின் வேகத்த குறைக்கும், கிளட்ச்ச பிரிக்கும், பழைய கியர எடுக்கும், புதுசு போடும், கிளட்ச்ச மெதுவா சேர்த்து திரும்ப பெட்ரோல் குடுக்கும். இந்த இடைவெளியில சக்கரத்துக்கு இழுப்பு போகாது, அதனாலதான் ஏஎம்டில தலை முன்னாடி ஆடுது, அது கோளாறு இல்ல. கியர் மாறப்போகுதுன்னு தெரிஞ்சா ஆக்சிலரேட்டர்ல இருந்து கால கொஞ்சம் எடுத்தா அந்த ஆட்டம் பாதியா குறையும்.

இப்போ கிளட்ச்ச அழுத்துறது யாரு? அதுல ரெண்டு வழி.

முதல் வழி எண்ணெய் அழுத்தம். ஒரு குட்டி மின் பம்பு எண்ணெய 40, 50 பார் வரைக்கும் ஏத்தி ஒரு உருண்டைக்குள்ள சேர்த்து வைக்கும், அதுக்கு பேரு அக்யூமுலேட்டர், உள்ள ஒரு பக்கம் நைட்ரஜன் கேஸ் அழுத்தி வச்சிருப்பாங்க. நம்ம டயர்ல இருக்கற காத்து ரெண்டு பார்தான், அதோட ஒப்பிட்டா இது எவ்வளவுன்னு புரியும். லயத்துக்கு மேட்டுல தண்ணி டாங்கி வச்சிருப்பாங்க இல்ல, பம்பு எப்பவாவது ஓடி டாங்கிய நிரப்பும், பைப்ப திறந்ததும் தண்ணி வேகமா வரும், அதே கதைதான் இங்கயும். கம்ப்யூட்டர் ஒரு வால்வ திறந்தா அந்த அழுத்தம் நேரா கிளட்ச் சிலிண்டருக்கு போகும். பம்பால மட்டும் அவ்வளவு சீக்கிரம் தள்ள முடியாது, உருண்டையில சேமிச்சு வச்சதாலதான் கியர் சட்டுனு மாறுது.

ரெண்டாவது வழி எண்ணெயே இல்ல, ஒரு மின் மோட்டார் புழு பல்சக்கரத்த சுத்தி கிளட்ச்ச தள்ளும். ஓப்பல் கோர்சாவுல வந்த ஈசிட்ரானிக்லயும் மோட்டார்தான் புழு பல்சக்கரத்த சுத்தும், ஆனா அதுல கிளட்ச் வரைக்கும் தள்ள நடுவுல கொஞ்சம் எண்ணெய் இருக்கும். கிளட்ச் ஸ்பிரிங்க பிரிக்க நூறு கிலோ தூக்கற மாதிரி விசை வேணும், பன்னண்டு வோல்ட் சின்ன மோட்டாருக்கு அது பாரம், அதனால பக்கத்துல ஒரு உதவி ஸ்பிரிங் வைப்பாங்க, கிளட்ச் சேரும்போது அது சுருங்கி சக்திய வாங்கிக்கும், பிரிக்கும்போது திருப்பி குடுக்கும். புழு பல்சக்கரம் தானா பின்னாடி திரும்பாது, ஒரு இடத்துல நிறுத்திட்டா கரண்ட் இல்லாமயே நிக்கும். எண்ணெய் கசிவு, அழுத்தம் இறங்கறது எதுவும் இங்க இல்ல, ஆனா கியர் மாறும் நேரம் எண்ணெய் வகைய விட கொஞ்சம் நீளமா தெரியும். என்னை கேட்டா சின்ன காடிக்கு இதுதான் பராமரிக்க சுலபம், கெட்டாலும் மோட்டாரோ கார்பன் பிரஷ்ஷோ நிலைய பார்க்குற சென்சாரோதான், தேடற இடம் குறைவு.

எண்ணெய் வகையில வயசான காடி வாங்கறவங்க ஒரு சத்தத்த கேட்க கத்துக்கணும். அத்தைக்கு பார்த்த முதல் காடி அந்த வகை, ரொம்ப சுத்தமா இருந்துச்சு. கதவ திறந்ததும் பானட்டுக்குள்ள 'ம்ம்ம்'ன்னு ஒரு முனகல், அது பம்பு அழுத்தத்த ஏத்துறது, சாதாரணம்தான். எஞ்சின் போடாம சாவிய மட்டும் திருப்பி, பிரேக்க மிதிச்சிக்கிட்டு N, ஒண்ணு, N, ஒண்ணுன்னு மாத்தி பார்த்தேன். உருண்டை நல்லா இருந்தா கிட்டத்தட்ட நாலஞ்சு மாத்தலுக்கு ஒரு தடவைதான் பம்பு ஓடும், அந்த காடில ஒவ்வொரு தடவையும் ஓடுச்சு. எதையும் தொடாம அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்தோம், அப்போ பம்பு ஒரு தடவை கூட ஓடல. அப்படின்னா வால்வ தாண்டி உள்ள கசிவு இல்ல, உருண்டையில நைட்ரஜன் போயிடுச்சு. சும்மா உக்காந்திருக்கும்போதே திரும்ப திரும்ப ஓடுனா கசிவ சந்தேகப்படணும். உருண்டைய மாத்தாம ஓட்டுனா பம்பு ஓயாம ஓடி ரிலே சூடேறும், மோட்டார் கருகும், அப்புறம் ஒரு நாள் டிராபிக்ல கியர் விழாம N மட்டும் மினுக்கும். எண்ணெய் குறைஞ்சாலும் பிரேக் எண்ணெய ஊத்தவே கூடாது, சீல் எல்லாம் ஊதிப்போயிடும், மேனுவல் புக்குல சொன்ன எண்ணெய்தான் ஊத்தணும். கிளட்ச் மாத்துனா கம்ப்யூட்டருக்கு கிளட்ச் எங்க பிடிக்குதுன்னு திரும்ப கத்துக்குடுக்கணும், ஸ்கேன் மெஷின் இல்லாத ஃபோர்மேன் கிட்ட இந்த வேலைய குடுக்காதீங்க.

ஏத்தத்துல நிக்கறதுல ரெண்டு வழியும் ஒண்ணுதான், ரெண்டுலயும் கிளட்ச் பிளேட் உலர்ந்த பிளேட். ஆக்சிலரேட்டர லேசா மிதிச்சு காடி பின்னாடி போகாம பிடிச்சா பிளேட் அரைஞ்சு சூடேறி கருகுற வாடை வரும். ஹேண்ட் பிரேக் போட்டு, புறப்படும்போது மட்டும் மிதிங்க. புரோட்டோன் சாவி காடில P கிடையாது, நிறுத்தும்போது கியர்ல விட்டு ஹேண்ட் பிரேக் இழுக்கணும். பேட்டரி செத்து கியர்ல மாட்டிக்கிட்டா தள்ளவும் முடியாது.

மூணாவது, நம்ம ஊர்ல ரொம்ப நாளா ஓடுற பழைய மைவி மாதிரி நாலு கியர் ஆட்டோ. அதுல எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல எண்ணெய்தான் வழுக்கும், பிளேட் தேயாது, பிரேக்க விட்டா தானா ஊறும், P இருக்கு. பெட்ரோல் கொஞ்சம் கூட குடிக்கும், நேர் ரோட்டுல ஒழுங்கான ஏஎம்டி அதை மிச்சம் பண்ணும். ஈப்போவுக்கு தினம் போயிட்டு வர்றவங்களுக்கு நான் மோட்டார் வகை ஏஎம்டிய சொல்வேன், ஆனா அத்தை வாரத்துல நாலு நாள் மில்லு ஏத்தத்துல லாரி பின்னாடி கால் மணி நேரம் ஊறுறாங்க.

மாமாவுக்கு முதல் காடியோட பெயிண்ட் ரொம்ப பிடிச்சிருந்துச்சு, திரும்பி வரும் வழியில 'அந்த சத்தம் மட்டும் இல்லன்னா வாங்கியிருக்கலாம் தம்பி'ன்னாரு. நான் 'மாமா, உருண்டைய மாத்திக்கலாம், ஏத்தத்த மாத்த முடியாது'ன்னு சொன்னேன். அடுத்த வாரம் நாலு கியர் ஆட்டோ வாங்கி வந்தாரு, அத்தை முதல் நாளே மில்லு வரிசையில நின்னுட்டு வந்து முட்டி வலிக்கலன்னு சொன்னாங்க.