கடை திறப்புக்கு அழைக்க: பத்திரிகையா, வாட்ஸ்அப்பா, பிட் நோட்டீஸா?

மதுரைப் புறநகரில் எங்கள் அண்ணி மரச்செக்கு எண்ணெய்க் கடை திறந்தபோது மூன்று வழியிலும் அழைத்தோம். நேரில் கொடுக்க 60 பத்திரிகை, வாட்ஸ்அப்பில் 180 பேர், பேப்பருக்குள் வைத்துப் போட 1000 பிட் நோட்டீஸ். மூன்றுக்கும் ஒரே வாசகம் போதும் என்று முதலில் நினைத்தோம். தவறு அங்கேதான்.

நல்லவேளை, முதல் நாலு வீட்டிலேயே அது தெரிந்துவிட்டது. பூஜை நேரத்துக்குக் கீழேயே "1 லிட்டர் நல்லெண்ணெய்க்கு 100 மில்லி கடலை எண்ணெய் இலவசம்" என்று அச்சடித்திருந்தோம். குங்குமச் சிமிழோடு போய் நின்ற அண்ணியிடம் எதிர்வீட்டு அத்தை பத்திரிகையைப் படித்துவிட்டு, "எண்ணெய் இப்பவே வாங்கணுமா கண்ணு, வீட்ல இருக்கே" என்றார். அழைக்கப் போனவரை விற்க வந்தவராக்கிவிட்டது அந்த ஒரு வரி. மிச்சப் பத்திரிகைகளில் அதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினோம்.

அக்கம்பக்கத்துக்கு நேரில் போய்க் கொடுக்கும் பத்திரிகையை எதுவும் மிஞ்சாது. அலைச்சல் அதிகம், 60 வீட்டுக்கு மூன்று மாலை ஆனது. ஆனால் கடைக்கு முன்னால் வண்டி நிற்பதையும் செக்குச் சத்தத்தையும் நாளைக்குப் பொறுத்துக்கொள்ளப் போகிறவர்கள் இவர்கள்தான். இவர்களுக்குப் பூஜை நேரம் மட்டும் போதும். வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30க்குத் தொடங்கிவிடும் என்பதால் "காலை 9.15 முதல் 10.15க்குள் குத்துவிளக்கு ஏற்றி" என்று போட்டோம். வெறும் "காலை 9 மணியளவில்" என்றால் பாதிப் பேர் பதினொன்றுக்கு வருவார்கள்.

வாட்ஸ்அப்பின் பலம், பதில் வாங்குவது. பழைய வீட்டிலிருந்தே அண்ணியிடம் எண்ணெய் வாங்கியவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு பொறி உண்டு: உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். 180 பேருக்கு அனுப்பியும் பலருக்கு ஒற்றை டிக்கோடு நின்றது. அப்புறம் அவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினோம்.

வருகிறீர்களா என்று கேட்பதில்தான் நம் ஊர்ச் சிக்கல். "வருகையை உறுதிப்படுத்தவும்" என்றால் அலுவலகச் சுற்றறிக்கை போல இருக்கிறது. "வருவீங்களா?" என்றாலோ எல்லோரும் "கண்டிப்பா" என்பார்கள், முகத்துக்கு நேரே வரவில்லை என்று யார் சொல்வார்கள்? அதனால் கேள்வியையே மாற்றினோம்:

"வணக்கம். வெள்ளிக்கிழமை நம் எண்ணெய்க் கடை திறப்பு. பூஜை காலை 9.15க்கு; விற்பனை 10.30 முதல் இரவு 8 வரை. அன்றும் மறுநாளும் 1 லிட்டர் நல்லெண்ணெய்க்கு 100 மில்லி கடலை எண்ணெய் எங்கள் அன்பளிப்பு. காலையில் வருகிறீர்களா, மாலையிலா, எத்தனை பேர் என்று புதன்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொன்னால் டிபனுக்குச் சொல்லிவைக்க வசதியாக இருக்கும். அன்று வரமுடியாவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் வாங்க."

டிபன் என்ற காரணம் இருப்பதால் கேட்பதில் கூச்சமில்லை. கடைசி வரி இருப்பதால் மறுப்பவருக்கும் சங்கடமில்லை. 74 பேர் பதில் போட்டார்கள். "பார்க்கிறேன்", "முயற்சி பண்றேன்" என்றவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. காலைக்கு 40 பேர் என்று கணக்கு வந்தது. பதில் கேட்காத அக்கம்பக்கத்தையும் சேர்த்து 90 இலைக்குச் சொன்னோம், ஏழெட்டு மிஞ்சியது.

சலுகையை "முதல் 50 பேருக்கு" என்று வைக்கலாமா என்றும் யோசித்தோம். வேண்டாம் என்றது அண்ணிதான். பூஜைக்கு வந்தவர்களிலேயே 50 பேர் முடிந்துவிடுவார்கள். வேலை முடித்து மாலையில் வரும் பழைய வாடிக்கையாளருக்கு "தீர்ந்துபோச்சு" என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆளுக்கு எண்ணாமல் நாளுக்கு வைத்தது சரியாகவே இருந்தது.

பிட் நோட்டீஸ் இதில் கடைசிதான் என் கணக்கில். முகம் தெரியாதவர்களுக்கு அதில் பூஜை நேரமும் வேண்டாம், பதிலும் கேட்க வேண்டாம். விற்பனை நேரம், சலுகை, "பள்ளிவாசல் எதிரே, பழைய அரிசி மில் சந்து" என்று வழி, போன் எண் போதும். "இந்த நோட்டீஸைக் கொண்டு வந்தால்" என்று ஒரு நிபந்தனை மட்டும் சேருங்கள். எத்தனை திரும்பி வருகிறது என்று எண்ணிப்பார்க்கலாம். எங்களுக்கு 1000க்கு 23 வந்தது. அதில் ஒன்றில் யாரோ வடை மடித்திருந்தார்கள். எண்ணெய்க் கறையோடு இருந்தாலும் செல்லும் என்று அண்ணி 100 மில்லியை ஊற்றிக் கொடுத்தார்.