5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு: ஒப்பந்தத்தில் நான் எதை எதைப் படித்தேன், கடைசியில் கணக்கு எப்படி வந்தது

25 பேர், 25 மாதம், மாதம் 20,000 ரூபாய். பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றில் நான் போட்ட சீட்டு முழுதாக முடிந்துவிட்டது. கடைசி வரை எடுக்காமல் வைத்திருந்தேன். சேர்வதற்கு முன் ஒப்பந்தத்தை வீட்டுக்கு வாங்கி வந்து படித்தேன். அதில் இருந்த சில வரிகள் எவ்வளவு பெரிய தொகையைத் தீர்மானிக்கின்றன என்பது மாதங்கள் போகப் போகத்தான் முழுசாகப் புரிந்தது.

முதல் மாதம் ஏலமே கிடையாது. அந்த மாதத்துச் சீட்டு ஃபோர்மேனுக்கு, அதாவது நடத்தும் நிறுவனத்துக்கு. தள்ளு, அதாவது சீட்டை எடுப்பவர் தன் தொகையில் விட்டுக்கொடுக்கும் பணம், எதுவும் இல்லாமல் 5 லட்சத்தையும் அவர்களே எடுத்துக்கொள்ளலாம். சட்டமே அந்த உரிமையைக் கொடுக்கிறது, ஆனால் அது எத்தனையாவது தவணையில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எனவே முதல் தவணை முழு 20,000.

இரண்டாவது மாதத்திலிருந்து ஏலம், அதிகமாகத் தள்ளிக் கேட்பவருக்கே அந்த மாதச் சீட்டு. எங்கள் ஒப்பந்தத்தில் அதிகபட்சத் தள்ளு 30 சதவீதம், அதாவது 1,50,000. அதற்கு மேல் யாரும் தள்ளிக் கேட்க முடியாது. உச்சத்தை ஒன்றுக்கு மேற்பட்டவர் கேட்டால் குலுக்கல். ஆரம்ப மாதங்களில் பணம் தேவைப்படுகிறவர்கள் நிறைய இருப்பார்கள், எல்லோரும் நேராக 1,50,000 என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் சீட்டில் 7-ஆம் மாதம் வரை குலுக்கல்தான் நடந்தது. மூன்றாவது மாதம் எடுத்து மகள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சேர்ந்த ஒருவருக்குக் கடைசி வரை குலுக்கலில் பெயர் விழவில்லை, வெளியில் கடன் வாங்கினார். குறிப்பிட்ட தேதியில் பணம் கைக்கு வந்தாக வேண்டும் என்றால் ஏலச்சீட்டை நம்பக்கூடாது.

கமிஷன் வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தில் ஃபோர்மேன் கமிஷனுக்கு உச்சம் 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்தில் 7 ஆனது. எங்களுக்கு 5. இது ஏலம் எடுத்தவர் வாங்கும் தொகைமேல் போடும் சதவீதம் அல்ல, மொத்தச் சீட்டுத் தொகை மேல். எனவே ஒவ்வொரு மாதமும் 25,000 ரூபாய். தள்ளிலிருந்து முதலில் அது போகும், மீதிதான் நமக்குப் பங்கு. 1,50,000 தள்ளில் 25,000 போக 1,25,000. 25 பேருக்குத் தலைக்கு 5,000. அந்த மாதம் கட்ட வேண்டியது 15,000.

ஏலம் 25,000-இல்தான் தொடங்கும், ஏனென்றால் கமிஷனுக்குக் கீழே தள்ளு போகவே முடியாது. கடைசி ஆளுக்குப் போட்டியே இல்லாவிட்டாலும் 5 லட்சம் கிடைக்காது, 4,75,000தான். இதோடு கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 4,500 ரூபாய். அதை எடுப்பவர் தொகையில் கழிப்பார்கள் என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. கமிஷன் 7 சதவீதமாக இருந்திருந்தால் ஆரம்ப மாதங்களில் பங்கு தலைக்கு 400 ரூபாய் குறைந்திருக்கும், கடைசியில் வாங்கும் தொகையில் ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து இன்னொரு 11,800 போயிருக்கும்.

14-ஆம் மாத ஏலத்தில் நான் நேரில் உட்கார்ந்திருந்தேன். குறைந்தது இரண்டு உறுப்பினர்களாவது இருந்தால்தான் ஏலம் செல்லும். 25,000-இல் தொடங்கி, மூன்று பேர் மாறி மாறி ஏற்றி, ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் 78,000-இல் எடுத்தார். முடிந்ததும் நடவடிக்கைப் புத்தகத்தில் தொகையை எழுதி, வந்திருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். கமிஷன் போக 53,000, தலைக்கு 2,120 ரூபாய். மறுநாள் பாஸ்புக்கில் அதே எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், எல்லா மாதமும் அப்படித்தான்.

அவருக்கு ஏலம் கிடைத்த அன்றே பணம் வரவில்லை. இனி கட்ட வேண்டிய 11 தவணைக்கும் ஜாமீன் கொடுத்தால்தான் தொகை. அரசு ஊழியர்கள் இரண்டு பேர் சம்பளச் சான்றிதழோடு வர வேண்டும் என்றார்கள். கடைக்காரருக்கு அப்படித் தெரிந்தவர் ஒருவர்தான். அடுத்த ஏலமும் வந்து போயிற்று. ஜாமீன் வரும்வரை அந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்பது சட்டம், அதை அவர் கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆனால் தவணை மட்டும் நிற்காமல் கட்டினார். எந்த ஜாமீனை ஏற்பார்கள் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

அப்புறம் தவணை தவறினால் என்ன ஆகும் என்ற பகுதி. பெரும்பாலானோர் அங்கே அபராத வட்டியைத்தான் தேடுகிறார்கள். அதைவிடப் பெரிது அதற்கு முந்தைய வரி: ஏலம் முடிந்து 7 நாளுக்குள் கட்டாவிட்டால் அந்த மாதப் பங்கு கிடையாது. ஆரம்ப மாதம் ஒன்றில் 15,000 கட்ட வேண்டியவர் எட்டாம் நாள் போனால் 20,000, அதோடு வட்டியும். என் கணக்கைப் பாருங்கள்: 25 மாதத்தில் மொத்தப் பங்கு 67,000, எனவே நான் கட்டியது 4,33,000. கையில் வந்தது 4,70,500. லாபம் 37,500, தவணை தவணையாகப் போன பணத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 8-9 சதவீதம். ஆரம்பத்தில் மூன்று தேதிகள் தவறியிருந்தால் அதில் 15,000 போயிருக்கும்.

எடுத்தவருக்கு இன்னும் கடுமை. ஜவுளிக்கடைக்காரர் வாங்கியது 4,17,500. ஒழுங்காகக் கட்டினால் அவரும் மொத்தம் 4,33,000தான் கட்டுவார். கடனாகப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் எடுத்தவர் தவணை நிறுத்தினால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, மீதித் தவணை அத்தனையையும் ஒரே தொகையாக உடனே கேட்க ஃபோர்மேனுக்கு உரிமை உண்டு. 17-ஆம் மாதத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் 8 தவணை, பங்கு இல்லாமல் 1,60,000. அதே நோட்டீஸ் ஜாமீன் போட்டவர் வீட்டுக்கும் போகும்.

எடுக்காதவர் நிறுத்தினால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கலாம். நீக்கிய 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்து 7 நாளுக்குள் பாக்கியை வட்டியோடு கட்டினால் பெயர் திரும்ப ஏறும். இல்லையென்றால் கட்டிய பணம் பிடித்தம் போகத்தான் வரும். எங்கள் ஒப்பந்தத்தில் பிடித்தம் சீட்டுத் தொகையில் 5 சதவீதம். நான்கு மாதம் கட்டி 65,000 போட்டவருக்கும், இருபது மாதம் கட்டியவருக்கும் அதே 25,000. எங்கள் குழுவில் ஐந்தாம் மாதம் வேலை போய் விலகியவருக்கு 40,000தான் வந்தது, அதுவும் அவர் இடத்துக்கு வேறு ஆள் சேர்ந்த பிறகு. எனக்கு இந்த ஒரு ஷரத்து நியாயமாகப் படவில்லை. கட்டிய தொகையில் சதவீதம் பிடிக்கும் ஒப்பந்தம் கிடைத்தால் அதையே எடுப்பேன்.

தகராறு வந்தால் சீட்டுப் பதிவாளரிடம்தான் போக வேண்டும், சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி நடுவர் விசாரணை அங்கேதான். அதற்கு உங்கள் குழுவின் பதிவு எண்ணும் தொடக்கச் சான்றிதழும் வேண்டும். நிறுவனம் பதிவானது என்பது மட்டும் போதாது, ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலை உங்களிடம் தர வேண்டியது அவர்கள் கடமை. முதல் தவணை கட்டும் அன்றே அதை வாங்கிக்கொள்ளுங்கள்.