26 மடங்கு காட்டும் ஒட்ஸில் கழிவு எங்கே போகிறது: மூன்று சீசன் அனுபவம்

மூன்று சீசனாக இங்கிலாந்து பிரீமியர் லீக் மட்ச்களில் இரண்டு பந்தய மார்க்கெட்டுக்கே அதிகம் பணம் கட்டியிருக்கிறேன். ஒன்று, சரியான ஸ்கோர். மற்றது, இடைவேளையில் யார் முன்னிலை, முடிவில் யார் வெற்றி என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அரைநேரம்-முழுநேரம். கிளிநொச்சியில் வேலை முடிந்து வந்து இரவில் மட்ச் பார்க்கிறவனுக்கு 200 ரூபாய் போட்டால் 5,000 வரும் என்ற கணக்கு பெரிதாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இரண்டாவது சீசன் பாதியில் ஒருநாள் கொப்பியை எடுத்து ஒரு மட்ச்சின் எல்லா ஒட்ஸையும், அதாவது வென்றால் போட்ட பணம் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண்களை, எழுதினேன். ஒரு மார்க்கெட்டில் உள்ள ஒவ்வொரு ஒட்ஸுக்கும் 1ஐ அந்த எண்ணால் வகுத்து, வந்ததை எல்லாம் கூட்ட வேண்டும். கழிவே இல்லையென்றால் கூட்டுத்தொகை 1 வரும். அதற்கு மேலே வருவதுதான் புக்கி, அதாவது பந்தயம் நடத்தும் நிறுவனம், தனக்கென்று வைத்துக்கொள்ளும் மார்ஜின்.

அந்த மட்ச்சில் சாதாரண வெற்றி-தோல்வி-சமநிலை ஒட்ஸ் 2.10, 3.40, 3.60. கூட்டினால் 1.048, அதாவது ஏறக்குறைய 5 வீதம். அதே மட்ச்சின் அரைநேரம்-முழுநேரத்தில் ஒன்பது தெரிவுகள். அவற்றைக் கூட்டியபோது 1.15 வந்தது. 15 வீதம்! ஒரே மட்ச், ஒரே நிறுவனம், ஒரே நேரம்.

இன்னொரு கணக்கு என்னை அதைவிட அதிரவைத்தது. சொந்த மைதான அணி வெல்வதற்கு அரைநேரம்-முழுநேரத்தில் மூன்று வழிகள்தான் உண்டு. முன்னிலையில் இருந்து வெல்வது 3.60, சமநிலையில் இருந்து வெல்வது 5.25, பின்தங்கி இருந்து வெல்வது 26. என்னிடம் இருக்கும் 1,000 ரூபாயை 548, 376, 76 என்று இந்த மூன்றிலும் பிரித்துப் போட்டால், அந்த அணி எப்படி வென்றாலும் எனக்கு 1,970 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைக்கும். அதே 1,000ஐ நேரடியாக அந்த அணியின் வெற்றிக்குப் போட்டிருந்தால் 2,100. நடக்க வேண்டியது ஒன்றேதான், ஆனால் ஏறக்குறைய 125 ரூபாய் குறைவு. 26 என்ற பெரிய எண் அந்தக் குறைவை மறைத்துவிடுகிறது.

சரியான ஸ்கோரில் இது இன்னும் மோசம். ஒரு அணிக்குச் சராசரி 1.5 கோல், மற்றதற்கு 1.1 என்று வைத்து, சராசரியிலிருந்து ஒவ்வொரு கோல் எண்ணிக்கைக்கும் உள்ள வாய்ப்பைக் கணிக்கும் பாய்சன் முறையில் கணக்குப் போட்டால் 1-1 வருவதற்கு நியாயமான ஒட்ஸ் 8க்குச் சற்று மேல். திரையில் எனக்குக் கிடைத்தது 6.50. 3-3க்கு நியாயம் 108 அளவில், கிடைத்தது 67. பாய்சன் துல்லியமான தராசு இல்லை, சமநிலைகளைக் கொஞ்சம் குறைத்தே காட்டும். ஆனாலும் போக்குத் தெரிகிறது: ஒட்ஸ் பெருகப் பெருக வெட்டும் கூடுகிறது.

ஏன் என்றால், நூற்றில் ஒரு தடவை வருமா, எழுபதில் ஒரு தடவை வருமா என்று அவர்களாலும் திட்டமாகச் சொல்ல முடியாது. பிழைத்தால் கொடுக்க வேண்டிய தொகை பெரிது, அதனால் முன்கூட்டியே தாராளமாக வெட்டி வைக்கிறார்கள். அதோடு, வெற்றி-தோல்வி ஒட்ஸை நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆட்கள் இருபதுக்கு மேற்பட்ட ஸ்கோர்களை இருந்து கூட்டிப் பார்ப்பதில்லை. நானும் ஒன்றரைச் சீசன் கூட்டவில்லை.

நம்முடைய சீட்டுகளின் வெற்றி தோல்வியை வைத்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்பதில் ஒன்று வரும் ஸ்கோர் தொடர்ந்து இருபது தடவை தவறுவது அப்படி ஒன்றும் அபூர்வமில்லை. அதனால் இடையில் ஒன்று விழும்போது 'சரியாத்தான் போறன்' என்று தோன்றும். கழிவை ஒட்ஸிலேயே பார்க்க வேண்டும், பணம் கட்டுவதற்கு முன்.

இன்னொரு விஷயம், இந்த மார்க்கெட்கள் வழக்கமாக 90 நிமிடமும் காயநேரமும் முடிந்த இடத்திலேயே தீர்க்கப்படும். 2022 உலகக் கிண்ண இறுதிப் போட்டியைப் பரந்தனில் ஒரு வீட்டில் கூட்டமாகப் பார்த்தோம். ஆர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3 ஆனதும் பக்கத்தில் இருந்த தம்பி ஒருவர் துள்ளி எழும்பி, "அண்ணை, எனக்கு விழுந்திட்டுது, 3-3 போட்டனான்!" என்றார். 90 நிமிடத்தில் ஸ்கோர் 2-2. மூன்றாவது கோல்கள் இரண்டும் மேலதிக நேரத்தில் வந்தவை. அவருடைய சீட்டுத் தோற்றதுதான். அரைநேரம்-முழுநேரத்திலும் பதில் ஆர்ஜென்டினா-சமநிலை, பெனால்டியில் கிண்ணத்தை எடுத்தது ஆர்ஜென்டினாவாக இருந்தாலும். அன்றிரவு அந்தத் தம்பிக்கு விதியை விளக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள்தான் சொன்னேன்.

இந்தச் சீசனில் இரண்டு மார்க்கெட்டுக்கும் ஒரு ரூபாயும் போடவில்லை. அந்தக் கொப்பியில் ஒட்ஸ் கூட்டும் பக்கம் மட்டும் நீண்டுகொண்டிருக்கிறது. 1.10க்குக் கீழே வந்த சரியான ஸ்கோர் பட்டியல் அதில் இன்னும் ஒன்றுகூட இல்லை.