லேக் எண்ணிக்கை கோட்டின் வடிவத்தை எப்படி மாற்றுகிறது: பண அளிப்பு–உற்பத்தி வி.ஏ.ஆர். மாதிரியுடன் ஏழு ஆண்டுகள்

பண அளிப்பு திடீரென்று கூடினால் உற்பத்தி எத்தனை மாதம் கழித்து, எவ்வளவு நகர்கிறது என்ற ஒரே கேள்விக்காக ஏழு ஆண்டுகளாக வெக்டர் ஆட்டோரிக்ரஷன், சுருக்கமாக வி.ஏ.ஆர்., மாதிரியைப் பயன்படுத்தி வருகிறேன்; ஒவ்வொரு தொடரையும் எல்லாத் தொடர்களின் கடந்த மாத மதிப்புகளால் விளக்கும் மாதிரி அது. R மென்பொருளில் உள்ள vars தொகுப்பில்தான் வேலை செய்கிறேன். தரவு அமெரிக்காவின் மாதாந்திரத் தொடர்கள் இரண்டு: தொழில் உற்பத்திக் குறியீடான INDPRO, பண அளிப்பான M2SL. இரண்டும் பருவ மாற்றம் நீக்கப்பட்டவை. 1959 ஜனவரி முதல் 2007 டிசம்பர் வரை 588 மாதங்கள் கிடைக்கின்றன. மடக்கை எடுத்து மாதத்துக்கு மாதம் வேறுபாடு கண்டால் 587 வளர்ச்சி விகிதங்கள் மிஞ்சும். 2007-இல் ஏன் நிறுத்துகிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

```
d <- cbind(y = 100*diff(log(ip)), m = 100*diff(log(m2)))
VARselect(d, lag.max = 18, type = "const")$selection
v <- VAR(d, p = 12, type = "const")
irf(v, impulse = "m", response = "y", n.ahead = 48,
    cumulative = TRUE, runs = 2000)
```

இந்தச் சில வரிகளில் நான் தெரிந்தே மாற்றி எழுதும் எண்கள் மூன்று. எதுவும் குறிப்பிடாவிட்டால் lag.max 10 ஆகவும், n.ahead 10 ஆகவும், runs 100 ஆகவும் எடுத்துக்கொள்ளப்படும். காலாண்டுத் தரவுக்கு முதல் இரண்டும் போதும். மாதாந்திரத் தரவிலோ, லேக் எண்ணிக்கைத் தேடல் பத்தாம் மாதத்தோடு நின்றுவிடுகிறது. ஓராண்டுக்கு முந்தைய மதிப்பு போட்டிக்கே வருவதில்லை. பண அதிர்வுக்குப் பின் உற்பத்தி மாதந்தோறும் எப்படி நகர்கிறது என்று காட்டும் எதிர்வினைக் கோடும் பத்து மாதத்தில் வெட்டுப்படுகிறது. பணத்தின் விளைவு உற்பத்தியைச் சேர அதற்கு மேலும் ஆகலாம் என்று கருதுபவருக்கு அந்தப் படம் பாதிக் கதையைத்தான் காட்டும். முதல் ஓராண்டு முழுவதும் இதைக் கவனிக்காமல், பணத்தின் விளைவு பத்தாம் மாதத்தில் உச்சத்தில் நிற்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். உண்மையில் நின்றது படத்தின் விளிம்பு.

லேக் எண்ணிக்கை என்பது, ஒவ்வொரு மாதத்தையும் விளக்க எத்தனை மாதம் பின்னோக்கிப் பார்க்கிறோம் என்பது. இதை ஒரு தொழில்நுட்பச் சடங்காக நினைத்து, திரையில் வரும் முதல் எண்ணை எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு என்பதைக் காட்ட, தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சிறிய கணக்கு போதும். லேக் ஒன்று மட்டும் உள்ள மாதிரியில், இந்த மாத உற்பத்தி வளர்ச்சி என்பது சென்ற மாத உற்பத்தி வளர்ச்சியில் 0.3 பங்கும் சென்ற மாதப் பண வளர்ச்சியில் 0.1 பங்கும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். பண வளர்ச்சி தன் சென்ற மாத மதிப்பில் 0.6 பங்கை மட்டும் சுமந்து வருகிறது. பணத்தில் 1 அலகு அதிர்வைக் கொடுத்தால், முதல் மாதத்தில் உற்பத்தி வளர்ச்சி 0.1. இரண்டாம் மாதத்தில் 0.3 × 0.1 + 0.1 × 0.6, அதாவது 0.09. மூன்றாம் மாதத்தில் 0.063. இவற்றைக் கூட்டினால் உற்பத்தியின் மட்டம் 0.1, 0.19, 0.253 என்று ஏறி, இறுதியில் 0.36-க்குச் சற்றுக் கீழே நிலைபெறும். விளைவின் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே முடிந்துவிட்டது.

இப்போது, உண்மையில் பணத்தின் விளைவு ஆறு மாதம் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, ஏழாம் மாதத்தில் தொடங்கிப் பன்னிரண்டாம் மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்று கொள்வோம். மேற்சொன்ன மாதிரிக்கு அந்த உண்மையைச் சொல்ல வாயே இல்லை. அதன் கோடு முதல் மாதத்தில் தொடங்கி உடனே தேயத்தான் முடியும். குணகங்கள் எவ்வளவு துல்லியமாக மதிப்பிடப்பட்டாலும், கோட்டின் வடிவம் தரவிலிருந்து வரவில்லை, லேக் எண்ணிக்கையிலிருந்து வருகிறது. லேக் இரண்டோ மூன்றோ ஆனால் நிலைமை சற்றுத் தளர்கிறது, அவ்வளவுதான்.

லேக் எண்ணிக்கையைப் பரிந்துரைக்கும் அளவுகோல்கள் ஏன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதும் இங்கேயே விளங்கும். திரையில் AIC(n), HQ(n), SC(n) என்று வரும் மூன்றும், மாதிரி விளக்காமல் விட்ட எச்சங்களின் மாறுபாட்டு அணியின் அணிக்கோவைக்கு மடக்கை எடுத்து, கூடுதல் குணகங்களுக்காக ஒரு தண்டத்தைச் சேர்ப்பவை. lag.max 18 என்றால் எல்லா லேக்குகளும் ஒரே 569 மாதங்களில் ஒப்பிடப்படும். இரண்டு மாறிகளில் ஒரு லேக் கூடினால் குணகம் நான்கு கூடும். அதற்கு AIC விதிக்கும் தண்டம் 8/569, அதாவது சுமார் 0.014. SC விதிப்பது சுமார் 0.045. லேக் 3-இலிருந்து 12-க்குப் போக வேண்டுமானால், அந்த அணிக்கோவை AIC-யின் கண்ணில் ஏறத்தாழ 12 சதவீதம் குறைய வேண்டும். SC-யின் கண்ணிலோ 33 சதவீதம் குறைந்தால்தான் சம்மதம் கிடைக்கும். மெதுவாக வரும் பணத்தின் விளைவு ஒன்பது லேக்குகளில் சிதறிக் கிடக்கும்போது, ஒவ்வொன்றும் தரும் முன்னேற்றம் மிகச் சிறிது; அத்தகைய விளைவை SC ஒதுக்கிவிடுவதில் வியப்பில்லை. முன்கணிப்பு ஒன்றே நோக்கமென்றால் அந்தச் சிக்கனம் பலமுறை நன்மையாகவே முடியும். எதிர்வினைக் கோடு நோக்கமென்றால், நாம் தேடிவந்ததையே அது வெட்டி எறிகிறது. மாதாந்திர வி.ஏ.ஆர். மாதிரிகளில் எதிர்வினைக் கோட்டுக்கு AIC துல்லியமாக இருக்கிறது என்று இவானோவும் கிலியனும் 2005-இல் காட்டியதும் என் அனுபவமும் ஒத்துப்போகின்றன.

இந்த ஒப்பீட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. lag.max-ஐ மாற்றினால் ஒப்பிடப்படும் மாதங்களும் மாறும். ஆகவே சில நேரம் பரிந்துரைக்கப்படும் எண்ணும் மாறும். 12, 18, 24 என மூன்று முறை ஓட்டிப் பார்ப்பேன். மூன்றிலும் AIC ஒரே எண்ணைச் சொல்லவில்லை என்றால், அந்த எண் சில மாதங்களின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அளவுகோல் சொன்ன எண்ணோடு மாதிரியை மதிப்பிட்ட பிறகு, எச்சங்களைப் பார்க்காமல் நான் எதிர்வினைக் கோட்டைத் திறப்பதில்லை. எச்சங்களில் தொடர் ஒட்டுறவு மிஞ்சியிருக்கிறதா என்று சோதிக்கும் serial.test கட்டளையில் lags.pt = 24 என்றும் type = "PT.adjusted" என்றும் கொடுப்பது வழக்கம். ஆனால் அதன் முடிவை மட்டும் நம்பக்கூடாது: 1984-க்கு முன் உற்பத்தி வளர்ச்சி அதிகம் ஆடியது, பிறகு ஆட்டம் குறைந்தது, மாறுபாடு இப்படி மாறிக்கொண்டிருக்கும்போது அந்தச் சோதனை தேவைக்கு மேல் குறை சொல்லும். அதனால் acf(resid(v)) படத்தைக் கண்ணால் பார்க்கிறேன். இந்த அளவு தரவில் எல்லைக் கோடுகள் ஏறத்தாழ ±0.08-இல் நிற்கும். ஆறாம் அல்லது பன்னிரண்டாம் மாதத்தில் ஒரு கம்பு அந்த எல்லையைத் தாண்டி எழுந்து நின்றால், மாதிரி விட்டுவிட்ட ஏதோ அங்கே இருக்கிறது. பணத்தின் எச்சத்துக்கும் பிந்தைய மாதங்களின் உற்பத்தி எச்சத்துக்கும் இடையிலான கட்டத்தைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். நம் கேள்விக்கான விடை சிந்திக் கிடக்கக்கூடிய இடம் அதுவே.

லேக்கைக் கூட்டுவதற்கு விலை உண்டு. லேக் 3-இல் சமன்பாட்டுக்கு 7 குணகம், 12-இல் 25. நம்பிக்கைப் பட்டை அகலும், கோடும் அலைபாயும். 6, 9, 12 ஆகிய மூன்றுக்கும் கோட்டை ஒரே படத்தில் வரைந்து, மூன்றிலும் ஒரே இடத்தில் எழுந்து ஒரே இடத்தில் தேயும் பகுதியை மட்டுமே எழுத்தில் கொண்டுவருவேன். 12-இல் மட்டும் தெரியும் சிறு மேடு பள்ளங்களுக்குக் கதை கட்டமாட்டேன்.

மாறிகளின் வரிசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். cbind கட்டளையில் y முதலில் வந்தால், பண அதிர்வு அதே மாதத்தில் உற்பத்தியைத் தொடாது என்று நாமே விதித்துவிடுகிறோம். இது பெரிய முடிவா சிறிய முடிவா என்பதை summary(v) இறுதியில் தரும் எச்சங்களின் ஒட்டுறவு சொல்லிவிடும். அது 0.05 போல இருந்தால் வரிசையை மாற்றினாலும் கோடு ஏறக்குறைய அப்படியே இருக்கும், 0.3-ஐ நெருங்கினால் இரண்டு வரிசைகளையும் காட்டியே தீர வேண்டும்.

2007-இல் நிறுத்தும் காரணத்துக்கு வருகிறேன். ஒருமுறை 2020-ஐயும் சேர்த்து ஓட்டினேன். அந்த ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் தொழில் உற்பத்தி சரிந்தபோதே M2 பாய்ந்து ஏறியது. அடுத்த சில மாதங்களில் உற்பத்தி மீண்டது. மாதிரிக்குப் பெருந்தொற்று தெரியாது. பணம் கூடிய மாதத்தில் உற்பத்தி விழுந்தது, பிறகு பலமாக எழுந்தது என்று மட்டுமே அது கற்றுக்கொள்கிறது. பல பத்தாண்டுத் தரவின் குணகங்களை நான்கைந்து மாதங்கள் இழுத்துக்கொண்டு போவதையும், லேக் தேர்வுகூட அந்த மாதங்களுக்கு ஏற்ப நகர்வதையும் கண்டேன். பட்டைக்கு வெளியே தெளிவாக நிற்கும் அழகான கோடு கிடைக்கும்; அதை நம்பக்கூடாது. இதற்குப் பிந்தைய தரவு வேண்டுமென்றால் அந்த மாதங்களுக்குத் தனி மாறிகளையோ தனி மாறுபாட்டையோ கொடுக்க வேண்டும். M1-ஐப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு இடர்: 2020 மே மாதம் முதல் சேமிப்பு வைப்புகளும் M1-இல் சேர்க்கப்பட்டதால், அங்கே வரும் பெரும் பாய்ச்சல் வரையறையின் பாய்ச்சல்.

இரண்டு மாறிகளில் கிடைக்கும் இந்தக் கோட்டைப் பணக் கொள்கையின் விளைவு என்று நான் எழுதுவதில்லை. M2-இன் அளவில் வங்கிகள் கொடுக்கும் கடனும் மக்கள் கையில் வைத்திருக்க விரும்பும் பணமும் கலந்திருக்கின்றன. நாளைய உற்பத்தியை எதிர்பார்த்து இன்று கடன் கூடினால், மாதிரி அதையும் பண அதிர்வு என்றே பெயரிடும். வட்டி விகிதத்தைச் சேர்த்தால், உற்பத்தியின் ஏற்றத்தாழ்வை விளக்குவதில் பணத்தின் பங்கு வெகுவாகச் சுருங்குகிறது என்று கிறிஸ்டஃபர் சிம்ஸ் 1980-லேயே காட்டினார். விலைக் குறியீட்டையும் குறுகிய கால வட்டியையும் சேர்த்து நான்கு மாறிகளாக்கினால், லேக் 12-இல் சமன்பாட்டுக்கு 49 குணகம், மொத்தம் 196. பட்டை இன்னும் அகலும். ஆயினும் இப்போது எந்த அறிக்கையிலும் இரண்டு மாறிக் கோட்டையும் நான்கு மாறிக் கோட்டையும் ஒரே அளவு அச்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் எடுத்த லேக் எண்ணிக்கையைப் படத்தின் அடியிலேயே எழுதிக் கொடுக்கிறேன்.