போனஸா, கூடுதல் காப்பா: டெல்டாவில் ஒரு காரின் புதுப்பிப்புக் கணக்கு

கார் காப்பீட்டைப் புதுப்பிக்கும் நேரத்தில் வரும் மதிப்பீட்டுத் தாளில், கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கழிவான நோ கிளெய்ம் போனஸ் 45 விழுக்காடு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும், கட்ட வேண்டிய மொத்தத் தொகையில் ஏறக்குறையப் பாதி குறைந்துவிடும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தக் கழிவு, நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதிக்கு மட்டுமே உரியது. பிறருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. அதில் போனஸ் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. கூடுதல் காப்புகளின் விலை பெரும்பாலும் போனஸ் கழித்த பிறகே சேர்க்கப்படுகிறது. எல்லாவற்றையும் கூட்டி, அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வருகிறது. இந்த வரிசை பிடிபட்டால்தான் எந்தத் தேர்வு மலிவு, எது வீண் என்று சொல்ல முடியும்.

திருவாரூரில் ஓடும், 1,200 சி.சி. பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாங்கி நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. இதுவரை கிளெய்ம் எதுவும் இல்லை. அதே ரகப் புதிய காரின் இன்றைய விலை 8,00,000 ரூபாய் என்றால், ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு தேய்மானம் போக, காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி. 4,00,000 ரூபாயாக இருக்கும். போனஸுக்கு முன் சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும் என்பதால், கூட்டிக் கழிக்க எளிதான எண்ணாக இதை எடுத்திருக்கிறேன். முதல் ஆண்டு கிளெய்ம் இல்லாமல் முடிந்தால் போனஸ் 20, இரண்டாம் ஆண்டு முடிந்தால் 25, பிறகு 35, 45, 50 விழுக்காடு என்று ஏறும். 50-க்கு மேல் போகாது. நான்கு ஆண்டுகளுக்கு 45 விழுக்காடு என்பதால், 10,000 ரூபாய் 5,500 ஆகிறது. 1,000 சி.சி.க்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் பிரீமியமான 3,416 ரூபாயை இதனுடன் கூட்டினால் 8,916. சொந்தச் சேதமும் மூன்றாம் நபர் பகுதியும் சேர்ந்த இந்த முழுக்காப்புக்கு வரியோடு 10,521 ரூபாய். உரிமையாளருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு வேறு பாலிசியில் ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. போனஸே இல்லாதிருந்தால் இதே பாலிசிக்கு 15,831 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். ஆக, 45 விழுக்காடு என்று அச்சிட்ட கழிவு, மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே வருகிறது.

இனிக் கூடுதல் காப்புகள். இன்ஜின் காப்புக்கு 800, தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் காப்புக்கு 2,400, போனஸ் பாதுகாப்புக்கு 700 ரூபாய் என்று விலை வைத்து, நான்கு தேர்வுகளை அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். இந்த விலைகளும் எடுத்துக்காட்டுக்காகவே. தொகைகள் அனைத்தும் வரியோடு சேர்ந்தவை.

| தேர்வு | ஆண்டுக்குக் கட்டுவது |
|---|---|
| வெறும் முழுக்காப்பு | ரூ. 10,521 |
| அதனுடன் இன்ஜின் காப்பு | ரூ. 11,465 |
| இன்ஜின் காப்பும் ஜீரோ டெப்பும் | ரூ. 14,297 |
| மூன்று கூடுதல் காப்புகளும் | ரூ. 15,123 |

கடைசித் தேர்வின் தொகை, போனஸ் இல்லாத வெறும் பாலிசியின் தொகைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த போனஸின் பெரும்பகுதியைக் கூடுதல் காப்புகள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அது தகுமா என்பதை, வண்டிக்கு என்ன நேரக்கூடும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒரு சிறிய சேதம். கும்பகோணத்தின் நெரிசலான தெரு ஒன்றில் முன்பம்பர் உடைகிறது. புதிய பம்பர் 6,000, வேலைக்கூலியும் பெயின்ட்டும் 3,000, மொத்தம் 9,000 ரூபாய். பம்பர் பிளாஸ்டிக் என்பதால், வண்டியின் வயது எதுவாயினும் அதன் விலையில் 50 விழுக்காடு தேய்மானமாகக் கழிக்கப்படும்; 1,500 சி.சி. வரையுள்ள கார்களில் உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும் கழியும். பெயின்ட்டுக்கு வரும் சிறு கழிவை ஒதுக்கிவைத்தால், வெறும் முழுக்காப்பில் 5,000 ரூபாயும் ஜீரோ டெப் இருந்தால் 8,000 ரூபாயும் கிடைக்கும். ஜீரோ டெப் எடுத்தவர்கள் உடனே கிளெய்ம் போடத் துணிவது இந்த இடத்தில்தான். ஆனால் ஜீரோ டெப் காப்பது பாகங்களின் விலையை மட்டுமே. போனஸை அது காக்காது.

அந்தக் கிளெய்மால் இழப்பது எவ்வளவு? கிளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு முதல் போனஸ் 50 விழுக்காட்டில் நிலைத்து நிற்கும். கிளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு பூஜ்யம். அதன் பின் மறுபடியும் 20, 25, 35, 45 என்று ஏற வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி முதல் ஆண்டில் 50, அடுத்து 30, 25, 15, 5 என்று, மொத்தம் 125 விழுக்காடு. 10,000 ரூபாய்ப் பிரீமியத்தில் அது 12,500. வரியோடு 14,750 ரூபாய். வண்டி பழையதாக ஆக ஐ.டி.வி.யும் அதனோடு பிரீமியமும் இறங்கும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். மாறாக, இடையில் புதிய கார் வாங்கினால் போனஸ் உரிமையாளரோடு புதிய வண்டிக்குப் போகும் என்பதால் இழப்பு கூடவும் செய்யலாம். முதல் ஆண்டு இழப்பு மட்டுமே 5,900 ரூபாய். எனவே வெறும் முழுக்காப்பில் 5,000 ரூபாய்க்காகக் கிளெய்ம் போடுவது முதல் ஆண்டிலேயே நட்டம். ஜீரோ டெப்பில் கிடைக்கும் 8,000 ரூபாய்கூட, அடுத்த ஆண்டே வேறொரு பெரிய கிளெய்ம் வந்து போனஸ் எப்படியும் போகும் நிலையில் மட்டுமே இலாபம். போனஸ் 45 அல்லது 50 விழுக்காட்டில் இருப்பவர் இத்தகைய சேதங்களைக் கைக்காசில் சரிசெய்துகொள்வதே நல்லது என்பது என் முடிவு.

அப்படியானால் ஜீரோ டெப்பின் பயன் பெரிய விபத்தில்தான் தெரியும். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில், முன்னால் போகும் நெல் லாரியின் பின்புறத்தில் மோதி, 80,000 ரூபாய்க்குச் செலவு வருகிறது என்று கொள்வோம்: பிளாஸ்டிக் பாகங்கள் 30,000, உலோகப் பாகங்கள் 30,000, கூலி 20,000. நான்கு முதல் ஐந்து ஆண்டு வயதுள்ள வண்டியில் உலோகப் பாகங்களுக்கு 35 விழுக்காடு தேய்மானம். ஆக, பிளாஸ்டிக்கில் 15,000, உலோகத்தில் 10,500 என்று 25,500 ரூபாய் உரிமையாளர் தலையில் விழும். ஜீரோ டெப்புக்கு வரியோடு ஆண்டுக்கு 2,832 ரூபாய் செலவாவதால், ஒன்பது ஆண்டுகளில் ஒரு முறை இப்படி நேர்ந்தால்தான் கணக்கு நேராகும். நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு இது தகும். ஊருக்குள் சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் எடுப்பவருக்கு அவ்வளவு அவசியம் இல்லை. பல நிறுவனங்கள் ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு இதைத் தருவதில்லை என்பதால், அடுத்த புதுப்பிப்பில் இந்தக் கேள்வியே எழாமல் போகவும் கூடும்.

இன்ஜின் காப்பின் நிலை வேறு. டெல்டாவில் வாழ்பவர் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நடந்ததைப் போல மரம் விழுந்து வண்டி நசுங்கினால், அதற்குக் கூடுதல் காப்பு எதுவும் தேவையில்லை. புயலும் வெள்ளமும் சாதாரண முழுக்காப்பிலேயே அடங்கும். நிறுத்திவைத்த காருக்குள் தண்ணீர் புகுந்து இருக்கையும் மின்கம்பிகளும் கெட்டாலும் அப்படியே. சிக்கல் வருவது, தண்ணீரில் நின்றுபோன காரை ஓட்டுநர் மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போதுதான். காற்று போகும் வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறுகிறது. காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாததால், மேலே வரும் பிஸ்டன் தடைபட்டு, கனெக்டிங் ராட் வளைகிறது. இதை வெள்ளச் சேதமாகக் கருதாமல், வெள்ளத்துக்குப் பின் வண்டியை இயக்கியதால் வந்த தொடர் இழப்பாக, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் குறிப்பார். வெறும் முழுக்காப்பில் அந்தத் தொகை மறுக்கப்படும். ஜீரோ டெப் இருந்தாலும் பயனில்லை, ஏனெனில் ஏற்கப்பட்ட பாகங்களுக்கு மட்டுமே அது தேய்மானத்தை நீக்கும். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்ய 1,20,000 ரூபாய் ஆனால், அந்த முழுச் சுமைக்கும் எதிராக நிற்பது ஆண்டுக்கு 944 ரூபாய்க் காப்பு ஒன்றுதான்.

வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் நிறைந்து சாலை மேல் தண்ணீர் ஓடும் ஊர்களில் இது அரிதான நிகழ்வன்று. ஆனாலும் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும்: நின்ற வண்டியைத் தொடர்ந்து ஸ்டார்ட் செய்து பார்ப்பதையும், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவிப்பதையும் காரணம் காட்டி, இந்தக் காப்பிலும் தொகையை மறுக்க இடமிருக்கிறது. சாவியைத் திருப்பாமல், வண்டியைக் கட்டி இழுத்துப் பணிமனைக்குக் கொண்டுபோவதே பாதுகாப்பான வழி. சில நிறுவனங்கள் இன்ஜின் காப்பைத் தனியாகத் தராமல் ஜீரோ டெப்போடு சேர்த்தே விற்கின்றன. அங்கே இரண்டாம் தேர்வு கிடைக்காது.

போனஸ் பாதுகாப்பு வரியோடு 826 ரூபாய். அது காப்பது ஏறத்தாழ 14,750 ரூபாய் என்பதால், எண்களைப் பார்த்தால் நல்ல பேரமாகவே தெரிகிறது. ஆனால் ஆண்டுக்கு எத்தனை கிளெய்ம் வரை என்ற வரம்பு அதற்கு உண்டு. அதே நிறுவனத்தில் புதுப்பித்தால்தான் பயன் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் இருக்கிறது. அடுத்த ஆண்டு நிறுவனம் மாறும் எண்ணம் உள்ளவர் இதற்குச் செலவிட வேண்டாம். என் வரிசையில் இன்ஜின் காப்பு முதலில், நெடுஞ்சாலை ஓட்டம் இருந்தால் ஜீரோ டெப் அடுத்து, போனஸ் பாதுகாப்பு கடைசியில்.

இரண்டு நிறுவனங்களின் மதிப்பீடுகளை ஒப்பிடும்போது ஐ.டி.வி. ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 4,00,000-க்குப் பதில் 3,60,000 என்று போட்டால் நம் எடுத்துக்காட்டில் பிரீமியம் வரியோடு 649 ரூபாய் குறைந்து, அந்த நிறுவனம் மலிவாகத் தோன்றும். வண்டி திருடுபோனாலோ முழுவதும் அழிந்தாலோ கையில் வருவது 40,000 ரூபாய் குறைவாக இருக்கும். சென்ற ஆண்டு கிளெய்ம் போட்டதை மறைத்துப் போனஸ் கேட்பதும் மலிவாகத் தோன்றும் மற்றொரு வழி. புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விவரம் கேட்டு அறியும். பொய் தெரிந்தால் சொந்தச் சேதக் கிளெய்மே மறுக்கப்படும்.

பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பித்தால் சேர்த்த போனஸ் நிற்கும். அதைத் தாண்டினால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த 90 நாள் போனஸுக்கான அவகாசம் மட்டுமே, காப்புக்கானது அன்று. அக்டோபரில் முடியும் பாலிசியை டிசம்பரில் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று விட்டால், மழை வலுக்கும் வாரங்களில் வண்டிக்கு எந்தக் காப்பும் இருக்காது, மூன்றாம் நபர் காப்புகூட. பிறகு புதுப்பிக்கப் போகும்போது சொந்தச் சேதக் காப்புக்கு முன் வண்டியை ஆய்வு செய்வார்கள். ஏற்கெனவே இருக்கும் சேதத்துக்குப் பணம் வராது.