தாளா, திரையா, பட்டியலா: ஒரு டாஷ்போர்டை எங்கிருந்து தொடங்குவது?

டாஷ்போர்டு ஒன்று வேண்டும் என்று யாராவது வந்து கேட்டால், வேலையை மூன்று விதமாகத் தொடங்கலாம். என்னென்ன வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லி, வருகிற பட்டியலை வைத்துக் கட்டுவது ஒரு வழி. இருக்கிற டேட்டாவை பவர் பிஐயிலோ டேப்லோவிலோ ஏற்றி, இரண்டு நாளில் ஒரு மாதிரியைக் காட்டி, திருத்திக்கொண்டே போவது இன்னொரு வழி. அதைப் பயன்படுத்தப் போகிறவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, எந்தக் கேள்விகளுக்கு அது பதில் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு, தாளில் பென்சிலால் வரைந்து பார்ப்பது மூன்றாவது. ஒரே டாஷ்போர்டுக்கு இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் செய்ய வேண்டிவந்த ஒரு வேலை எனக்கு வாய்த்தது. அதை வைத்தே ஒப்பிடுகிறேன்.

உதிரிபாகங்கள் விற்கும் ஒரு நிறுவனம். ஆர்டர்கள் தாமதமாகப் போகின்றன என்ற புகார். டாஷ்போர்டைப் பார்க்கப் போகிறவர்கள் நான்கு பேர்: செயல்பாட்டுப் பிரிவின் தலைவர், கிடங்கு மேலாளர், வாடிக்கையாளர் சேவையின் பொறுப்பாளர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர்.

முதலில் பட்டியல் வழி. நால்வருக்கும் மெயில் அனுப்பினேன், மொத்தம் 23 வரிகள் வந்தன. ‘மாதவாரியாக ஆர்டர் எண்ணிக்கை’, ‘பகுதிவாரியாக டெலிவரி’, ‘தாமத சதவீதம்’, இப்படி. எல்லாமே பெயர்ச்சொற்கள், ஒன்றுகூடக் கேள்வி இல்லை. மெயிலில் ஒரு வரியைக் கூடுதலாக எழுத யாருக்கும் எந்தச் செலவும் இல்லை, அதனால் எதையும் விட்டுவிடவும் காரணம் இல்லை. அதோடு, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. ‘தாமதம்’ என்ற சொல்லை மூன்று பேர் எழுதியிருந்தார்கள், மூவரும் நினைத்தது வேறுவேறு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தணிக்கைக்கோ அரசு அலுவலகத்துக்கோ கொடுக்கும் அறிக்கை என்றால் பட்டியலே சரியான வழி. அங்கே எந்தக் கட்டத்தில் என்ன வர வேண்டும் என்பது முன்பே தீர்மானமானது, பேசித் தீர்க்க ஒன்றும் இல்லை. தினமும் பார்த்து முடிவெடுக்க வேண்டிய திரைக்கு அது போதாது.

பட்டியலை வைத்துக்கொண்டு குழம்பியதால் இரண்டாவது வழிக்குப் போனேன். இரண்டு நாளில் ஒரு திரை தயார். இடது மேல்மூலையில் பெரிய பச்சை எழுத்தில் ‘நேரத்தில் டெலிவரி 97%’. கீழே ஒரு வரைபடம், ஒரு மாதக்கோடு, வலதில் நான்கு ஃபில்டர்கள். கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. பேச்சு முழுக்க நிறத்தைப் பற்றியும், வட்டச் சார்ட்டைச் சேர்க்கலாமா என்பதைப் பற்றியும்தான். முடிந்ததுபோல் தெரிகிற ஒன்றைப் பார்த்து ‘இது எதற்கு?’ என்று கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை. செய்தவர் உழைத்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. செய்த எனக்கும், இரண்டு நாள் வேலையைத் தூக்கிப்போட மனம் வராது. 97% சரியா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. தினமும் புகார் அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்கூட, “சரி, நம்பர் நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் அந்தத் திரையைத் திறப்பதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் தாளை எடுத்தேன்.

இந்த மூன்றாவது வழியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பேப்பரில் வரைந்து பாருங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவதில் பாதி வேலைதான் இருக்கிறது. முதல் 45 நிமிடம் யாரும் எதையும் வரையவில்லை. ஒட்டும் தாள் ஒன்றுக்கு ஒரு கேள்வி, கேள்விக்குறியோடு முடிய வேண்டும். 17 கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றையும் மேஜையில் வைத்து எழுதியவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “இதுக்குப் பதில் தெரிஞ்சா அடுத்து என்ன செய்வீங்க?”

கிடங்கு மேலாளரின் கேள்வி, ‘இன்று மாலைக்குள் கிளம்பாவிட்டால் தாமதமாகிவிடும் ஆர்டர்கள் எவை, அவை எந்தக் கட்டத்தில் நிற்கின்றன?’ பதில் தெரிந்தால் என்ன செய்வார் என்பதை யோசிக்காமலே சொன்னார்: பேக்கிங்கில் தேங்கியிருந்தால், பொருள் எடுக்கிற இடத்திலிருந்து இரண்டு பேரை அங்கே மாற்றுவார். இது டாஷ்போர்டுக்கான கேள்வி. கணக்குப் பிரிவுக்காரர் தாமதத்தால் திருப்பிக் கொடுத்த தொகையைக் கேட்டிருந்தார். பதில் தெரிந்தால் மாதக் கடைசியில் கணக்கில் பதிவார், அவ்வளவுதான். அதற்குத் திரை வேண்டாம், மாதம் ஒருமுறை ஒரு கோப்பு போதும் என்று அவரே சொல்லி, தாளை எடுத்துக்கொண்டார். மெயில் பட்டியலில் எந்த வரியும் இப்படித் தானாக விலகியதில்லை. கடைசியில் நின்றவை நான்கு கேள்விகள். அவற்றில் இரண்டு காலையில் பார்க்க வேண்டியவை, இரண்டு வாரம் ஒருமுறை பேச வேண்டியவை. ஆக, நாங்கள் ஒரே திரையில் திணித்துக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு திரைகள்.

அப்புறம்தான் வரைதல். ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, அடியில் 43 மில்லிமீட்டர் பட்டையைக் கத்தரித்துவிட்டேன். மீதி 297-க்கு 167, கிட்டத்தட்டத் துல்லியமாக 16:9. பவர் பிஐ பக்கத்தின் வழக்கமான விகிதம் அதுதான். இதைச் செய்யாவிட்டால் எல்லோரும் உயரமாக வரைந்துவிடுவார்கள், திரையில் அது கீழே ஸ்க்ரோல் செய்தால்தான் தெரியும். பேனா தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய பேனா கொடுத்தால் சின்னச் சின்னதாகப் பத்துச் சார்ட் வரைவார்கள், தடித்த பேனாவில் நான்குக்கு மேல் இடம் கொள்ளாது.

முதலில் தனித்தனியாக வரைய வேண்டும், பிறகே சேர்ந்து. தலைவர் முதலில் பலகையில் வரைந்துவிட்டால் மற்ற மூவரும் அதையேதான் திருத்துவார்கள். ஜொனாதன் ராபர்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ‘ஐந்து வடிவமைப்புத் தாள்கள்’ முறையிலும் இப்படி முதலில் பலவாக விரித்துப் பிறகு ஒன்றாக்குவது உண்டு: முதல் தாளில் எண்ணங்களைக் கொட்டுவது, அடுத்த மூன்றில் மூன்று மாற்று வடிவங்கள், ஐந்தாவதில் இறுதி வடிவம். எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. ஆளுக்கொரு தாள், பத்து நிமிடம், பிறகு எல்லாவற்றையும் பரப்பி ஒரு பொதுத் தாள்.

தாள் தன் முழுப் பலனையும் தந்தது, எண்களை எழுதச் சொன்னபோதுதான். வெறும் பெட்டி வரைந்து அதற்குள் ‘நேரத்தில் டெலிவரி %’ என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். கற்பனையாகவாவது ஒரு எண் எழுத வேண்டும். நான் 87% என்று எழுதினேன். “இது நல்லதா, கெட்டதா?” என்று கேட்டேன். தலைவர் கெட்டது என்றார், கிடங்கு மேலாளர் பரவாயில்லை என்றார். அப்படியென்றால் இலக்கு எவ்வளவு என்ற பேச்சு வந்தது. அதற்கு, எதை எண்ணுகிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். ஒரு ஆர்டரில் 5 பொருள்கள், 4 நேரத்தில் போய்ச் சேர்ந்தன, 1 மூன்று நாள் பிந்தியது. ஆர்டராக எண்ணினால் அது தாமதம். பொருளாக எண்ணினால் 80% நேரத்தில். கிடங்கு இரண்டாவதாக எண்ணிக்கொண்டிருந்தது, வாடிக்கையாளர் முதலாவதாக.

அப்போது வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் மெதுவாகக் கேட்டார், “எந்தத் தேதிக்குள்ள? முதல்ல சொன்ன தேதியா, நாங்க ஃபோன் பண்ணி மாத்தின தேதியா?”

மேஜை அமைதியானது. தாமதமாகும் என்று தெரிந்தால் அவருடைய குழு வாடிக்கையாளரை அழைத்துப் புதுத் தேதி சொல்லும். அந்தப் புதுத் தேதியை அதே கட்டத்தில் பழையதற்கு மேல் எழுதிவிடும். திரையில் பச்சையாக மின்னிய 97%, மாற்றிய தேதிக்குள் போன ஆர்டர்கள். டேட்டா சுத்தமாக இருந்தது, கணக்கும் சரி. கேள்விதான் தவறு. டேட்டாவைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் அழிந்த தேதி டேட்டாவில் இல்லை.

தாளால் முடியாததும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தாளில் நீங்கள் வரையும் கோடு எப்போதும் அழகாகத்தான் ஏறி இறங்கும். நிஜத்தில் ஒரே வாடிக்கையாளர் பாதி ஆர்டரைக் கொடுத்து மற்ற கம்பங்களையெல்லாம் குட்டையாக்கிவிடலாம். தாளில் மூன்று கிடங்கு வரைவீர்கள், நிஜத்தில் நாற்பது இருக்கும், பெயர்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். ஃபில்டரை அழுத்தினால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் தாளுக்குத் தெரியாது. அதனால் தாள் முடிந்த அன்றே, வரைந்த ஒவ்வொரு எண்ணுக்கும் டேட்டா உண்டா என்று பார்த்துவிடுவேன். பெரிய வேலை இல்லை:

```sql
SELECT COUNT(*) AS total,
       COUNT(promised_date) AS dated,
       SUM(CASE WHEN promised_date < order_date
                THEN 1 ELSE 0 END) AS wrong
FROM orders;
```

`COUNT(promised_date)` காலியான வரிகளை விட்டுவிட்டு எண்ணும். முதல் எண்ணுக்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளி, தேதியே இல்லாத ஆர்டர்கள். மூன்றாவது, ஆர்டர் வருவதற்கு முன்பே டெலிவரி வாக்களித்ததாகப் பதிவான அபத்தங்கள். இதில் பெரிய ஓட்டை தெரிந்தால், தாளில் அந்தப் பெட்டியைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு, வரைந்தவர்களிடமே திருப்பிக் காட்ட வேண்டும். தாங்களே வரைந்த பெட்டி என்பதால், டேட்டாவைச் சரிசெய்ய வேண்டும் என்பதை அவர்களே எடுத்துப் பேசுவார்கள்.

நேராகத் திரையில் தொடங்குவதே மேல் என்ற நிலைமைகளும் உண்டு. பயன்படுத்துபவரும் செய்பவரும் ஒருவரே என்றால், அல்லது டேட்டா புதிது, என்ன கேட்பது என்பதே இன்னும் தெரியவில்லை என்றால், முதலில் டேட்டாவைத் துழாவிப் பார்க்கத்தான் வேண்டும். அந்தத் துழாவலை டாஷ்போர்டு என்று காட்டாமல் இருந்தால் சரி. ஏற்கெனவே ஓடும் டாஷ்போர்டை மாற்றுவது என்றால் இரண்டையும் கலக்கலாம்: பழைய திரையை அச்சிட்டு, கத்தரிக்கோலோடு மேஜையில் வைத்து, போன மாதம் பார்க்காத பெட்டிகளை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வேலையில், முதலில் சொன்ன தேதியைத் தனியாகச் சேமிக்க `first_promised_date` என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்தோம். பழைய ஆர்டர்களுக்கு அதை மீட்க வழியில்லை, அதனால் வாரத் திரையின் கோடு அன்றிலிருந்துதான் தொடங்குகிறது. காலைத் திரைக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அடுத்த வாரமே ஓடத் தொடங்கியது: மாலைக்குள் கிளம்ப வேண்டிய ஆர்டர்கள், கட்டவாரியாக, நான்கு கம்பங்கள். மேலே ஃபில்டர் ஒன்றுகூட இல்லை. முதல் மாத முடிவில், முதல் தேதியை வைத்துக் கணக்கிட்ட எண் 71% என்று வந்தது. இம்முறை கூட்டத்தில் நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.