‘ஒன்றா, வேறா?’ அல்லது ‘எந்தப் படம்?’: ல–ள காதில் பிரியப் பழக்கும் இரண்டு வழிகள்

அட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் தமிழ் படிக்க வரும் சிங்கள உத்தியோகத்தர்களுக்கு முதலில் இடறும் இடம் எழுத்து அல்ல, ல–ள. சிங்களத்திலும் இந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஆனால் இன்றைய பேச்சில் இரண்டும் ஒரே ஒலிதான். சிறு வயதிலிருந்தே ‘எழுதும்போதுதான் வேறு’ என்று பழகிய காது, தமிழிலும் அப்படியே கேட்கிறது. கிளினிக்கில் ஒரு பாட்டி ‘தோள்’ என்று சொன்னால் தாதியின் காதில் ‘தோல்’ விழுகிறது. அவர் தோளைப் பார்க்காமல் சொறி சிரங்கு தேடுகிறார்.

(இது ஒருபக்கக் குறை அல்ல. சிங்களத்தில் மலையைக் குறிக்கும் சொல்லும் அடிமரத்தைக் குறிக்கும் சொல்லும் நடுவில் வரும் மூக்கொலியின் நீளத்தால் மட்டுமே பிரிகின்றன. அதைக் கேட்டுப் பிடிக்க நம்மில் பலர் திணறுகிறோம்.)

நம் பக்கம் ழ–வும் ள–வாகவே ஒலிக்கிறது. வழக்கமான வகுப்பில் ஆசிரியர் ‘மலை, மழை’ என்பார், எல்லோரும் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். இதை நீளமாக அலசத் தேவையில்லை. காதில் பிரியாத இரண்டை வாய் பிரித்துச் சொல்கிறதா என்று சொல்பவருக்கே தெரியாது. ஆசிரியர் ‘சரி’ என்றால் எது சரியாக வந்தது என்றும் புரியாது. ஆகவே கேட்டுப் பிரிக்கும் பயிற்சி முதலில், வாய் பிறகு. இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எப்படிக் கேட்க வைப்பது என்பதில்தான் இரண்டு கட்சி.

முதல் வழி ‘ஒன்றா, வேறா?’. ஓர் ஒலியில் மட்டும் பிரியும் சோடிச் சொற்களிலிருந்து இரண்டை அடுத்தடுத்துச் சொல்ல வேண்டும்: ‘மலை–மழை’ அல்லது ‘மலை–மலை’. படிப்பவர் ஒன்றா வேறா என்று மட்டும் சொன்னால் போதும். இரண்டாவது வழி ‘எந்தப் படம்?’. ஒரே ஒரு சொல்தான் ஒலிக்கும். முன்னால் இரண்டு படங்கள் இருக்கும்: தேயிலைக்குன்று, மழை. கேட்டது எது என்று காட்ட வேண்டும்.

முதல் வழியின் வசதி வெளிப்படை. சொல்லின் பொருள் தெரியாதவரையும் உட்கார வைக்கலாம், படம் வரைய வேண்டாம், ஆசிரியரின் வாய் ஒன்றே போதும். இந்த வித்தியாசம் இருப்பதையே அறியாதவருக்கு முதல் பத்து நிமிடத்தில் இதைவிட நல்லது இல்லை. அதற்கு மேல் ஓட்டினால்தான் சிக்கல். இரண்டு சொற்களும் ஒன்றன் பின் ஒன்றாக வருவதால், காது முதல் ஒலியை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு இரண்டாவதோடு ஒட்டிப் பார்க்கிறது. ‘ஏதோ மாறியது’ என்று தெரிந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். மாறியது ள–வா, குரலின் ஏற்றமா, சொல்லின் நீளமா என்று அது கேட்பதில்லை. விடையைச் சொல்லித் திருத்தும்போதும் ‘வேறு’ என்றுதான் சொல்ல முடிகிறது. எது ல, எது ள என்ற முடிச்சு கடைசிவரை அவிழ்வதில்லை.

வார்டில் நிற்கும் தாதிக்கு யாரும் சோடியாகச் சொல்லிக் காட்டப்போவதில்லை. ‘தோள்’ என்று ஒரு சொல் மட்டும் வரும், பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இருக்காது. இரண்டாவது வழி அந்த நிலைமையையே வகுப்புக்குக் கொண்டுவருகிறது. என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

ஆனால் இரண்டில் எதை எடுத்தாலும் பயிற்சியை நிலைநிறுத்துவதும் கெடுப்பதும் ஒரே விஷயம்: குரல். ஆசிரியரின் நேரடிக் குரலை மட்டும் நம்பினால் மூன்று கோளாறுகள் வரும். ஒன்று, கற்பிக்கும்போது எல்லோரும் ள–வை இழுத்துச் சொல்வோம், தோட்டத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இரண்டு, சோடியாகச் சொல்லும்போது முதல் சொல் ஏறி, இரண்டாவது சொல் இறங்கும். படிப்பவர்கள் ல–ள–வை விட்டுவிட்டு அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்று, ல–வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்னே தெரியும், ள–வுக்கு உள்ளே மறைந்துவிடும். அவர்கள் பார்த்துத்தான் விடை சொல்கிறார்கள், கேட்டு அல்ல. வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு நடத்திப் பார்த்தால் மதிப்பெண் சரிவது தெரியும்.

பல குரல்களில் பயிற்சி கொடுப்பது ஆய்வில் சோதிக்கப்பட்ட முறை. ஆங்கிலத்தின் ர–ல வேறுபாட்டைக் கேட்க முடியாத ஜப்பானியர்களுக்குப் பலருடைய குரல்களில் சோடிச் சொற்களைக் கேட்கக் கொடுத்து, லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் காது முன்னேறுவதை 1991இல் காட்டினார்கள். 1997இல் பிராட்லோவும் கூட்டாளிகளும் இன்னொன்றைக் காட்டினார்கள். பேச்சுப் பயிற்சி எதுவும் கொடுக்காமல் கேட்கும் பயிற்சி மட்டும் கொடுத்தபோதும், ஜப்பானியர்களின் உச்சரிப்பு முன்னேறியது. ஆளுக்கு ஆள் அளவு மாறியது, காது அதிகம் முன்னேறியவருக்கு வாயும் அதிகம் முன்னேறியது என்றில்லை. அந்த ஆய்வுகள் ஆங்கிலத்துக்குச் செய்தவை. ள–வுக்கும் அதே வேகம் இருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பதிவுத் தொகுப்பு ஒன்றைத் தயாரிக்க ஒரு காலைப்பொழுது போதும். ஆறு சோடிகள் எடுக்கலாம்: மலை–மழை, வேலை–வேளை, தோல்–தோள், வலி–வழி, கல்–கள், பல்லி–பள்ளி. ழ–வை ள–வாகவே நம் பக்கம் சொல்கிறோம், ஆகவே காதுக்கு இரண்டே பெட்டிகள். ழ–வை எழுத்துப் பாடத்துக்கு விட்டுவிடலாம். மூன்றாவது ஒலியாக அதைச் சொல்லிக்கொடுத்தால், தெருவில் கேட்காத ஒன்றைத் தேடி அலைவார்கள். புலி–புளி எல்லோர் வாயிலும் முதலில் வரும் சோடிதான். ஆனால் பொலிஸ்காரர்கள் இருக்கும் வகுப்பில் அந்தப் படத்தை ஒட்டினால் பாடம் வேறு திசைக்குப் போய்விடும்.

நான்கு பேரைப் பேச வைக்க வேண்டும். வயதான அம்மா, இளைஞன், பாடசாலைப் பிள்ளை, வேகமாகப் பேசும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதிய சொல்லைக் கொடுக்காமல் படத்தைக் காட்டிச் சொல்ல வைக்க வேண்டும், எழுத்தைப் பார்த்தால் எல்லோரும் வாசிக்கும் குரலுக்குப் போய்விடுவார்கள். ‘தோளுன்னு சொன்னாங்க’, ‘மழைன்னு சொன்னாங்க’ என்று வாக்கியத்துக்குள் வைத்தால் பட்டியல் ராகம் வராது. படங்களைக் கலைத்துக் கொடுங்கள், சோடி அடுத்தடுத்து வரக்கூடாது. ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை. 12 சொல், 4 குரல், 2 முறை, ஆக 96 துண்டுகள். சாதாரணக் கைபேசியே போதும். ல–ள–வைப் பிரிக்கும் ஒலி வேறுபாடு பெரும்பாலும் 3000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருப்பதால் போனில் தொலைந்துபோகாது. தகரக் கூரையில் மழை விழும் பின்னேரத்தில் மட்டும் பதியாதீர்கள்.

மூன்று குரல்கள் பாடத்துக்கு. நான்காவதை யாருக்கும் போட்டுக்காட்டாமல் வைத்திருங்கள், அது சோதனைக்கு. பழகிய குரலில் எடுக்கும் மதிப்பெண் அந்தக் குரலைப் பற்றியது, ள–வைப் பற்றியது அல்ல. வகுப்பு மாற மாற இந்த ஒரு குரலை மட்டும் புதுப்பித்தால் தொகுப்பு ஆண்டுக்கணக்கில் ஓடும்.

நடத்தும் விதம் எளிது. ‘ஒன்றா, வேறா?’ பத்துக் கேள்வி மட்டும். அதிலும் இரண்டு சொற்களும் இரண்டு வேறு குரல்களில் வர வேண்டும், ‘ஒன்று’ என்பதற்கு ஒரே துண்டை இருமுறை போடக்கூடாது. பிறகு படங்களுக்கு மாறி நாற்பது கேள்விகள். விடையைத் துண்டுக் காகிதத்தில் எழுத வேண்டும், கை தூக்க விட்டால் முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசையும் தூக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் உடனே விடையைச் சொல்லி, அதே துண்டை மறுபடி ஓட விடுங்கள். எங்கே காது வைப்பது என்றும் சொல்லுங்கள்: ள–வில் அல்ல, அதற்கு முந்தின உயிரில். நாக்கு பின்னால் வளையத் தொடங்குவது அந்த உயிர் ஒலிக்கும்போதே. ‘பிள்ளை’ நம் பேச்சில் ‘புள்ள’ ஆகிப்போனதில் அந்த இழுப்புக்கும் பங்கு உண்டு. ‘தோள்’ என்பதில் ஓ முடியும் இடத்தில் நிறம் மாறுவதைப் பிடித்தவர் மறுபடி தவறுவது குறைவு.

மதிப்பெண்ணைப் படிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டில் ஒன்று என்பதால் குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி வரும். பத்துக் கேள்வியில் ஏழோ அதற்கு மேலோ சரி என்பது, வெறுமனே ஊகிப்பவர் ஆறு பேரில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடியது. இருபது கேள்வியில் பதினைந்தோ அதற்கு மேலோ என்றால் ஐம்பதில் ஒருவருக்குத்தான். ஆகவே சோதனை இருபது, ல பத்து, ள பத்து. மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒருவர் 15 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரித்துப் பார்த்தால் ல பத்துக்குப் பத்து, ள பத்துக்கு ஐந்து. சந்தேகம் வந்த போதெல்லாம் அவர் ல–வையே காட்டியிருக்கிறார், அதாவது தன் தாய்மொழிக்குப் பழகிய ஒலியை. ள தெளிவாக விழும்போது மட்டும் கேட்கிறது. தவறிய ஐந்தில் மூன்று ‘வேளை’, ‘மழை’ என்றால் அடுத்த நாள் அந்த இரண்டு சோடியை மட்டும், வேகமாகப் பேசுபவரின் குரலில் கொடுக்க வேண்டும். மற்ற நான்கையும் மறுபடி ஓட்டுவது நேர விரயம்.

புதுக் குரலில் இருபதுக்கு 17, அதிலும் ள மட்டும் எட்டுக்குக் குறையாமல் வந்தால் வாயைத் திறக்க விடலாம். 17 என்பது என் கணக்கு, விதி அல்ல. பெரியவர்களுக்கு இது மூன்று நான்கு வகுப்புகளில் எட்டுகிறது. சிறு பிள்ளைகளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் அளவுக்குப் பழக்கம் இல்லை.

பேச வைக்கும்போதும் அதே படங்கள்தான், திசை மட்டும் மாறும். ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல, பக்கத்தவர் எந்தப் படம் என்று காட்ட வேண்டும். ‘சரி’ சொல்ல ஆசிரியர் வேண்டியதில்லை. ள வராதவரிடம் சிங்கள ட–வைச் சொல்லச் சொல்லுங்கள், நாக்கை அங்கிருந்து இன்னும் சற்றுப் பின்னே தள்ளி, நுனியை எடுக்காமல் பக்கவாட்டில் காற்றை விடச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் ‘கள்ளு’, ‘பள்ளி’ என்று இரட்டித்து வருவதை எடுத்தால் நாக்கு அங்கே நிற்க நேரம் கிடைக்கும். ‘வழி’, ‘வேளை’ அதற்குப் பிறகு.